டைவ் வாட்ச்: பெசல் வேண்டும், ஹீலியம் வால்வு வேண்டுமா?

டைவ் வாட்ச் வாங்கப் போனால் கடைக்காரர் மூன்று விஷயங்களை எடுத்துச் சொல்வார். 300 மீட்டர் ஆழம் தாங்கும். சுற்றுகிற பெசல் இருக்கிறது. ஹீலியம் வால்வும் இருக்கிறது. மூன்றும் ஒரே மதிப்புள்ளவைபோல ஒரே மூச்சில் சொல்லப்படும். வாங்குகிறவரோ மழையில் நனைவார், நீச்சல்குளத்தில் இறங்குவார், கடற்கரையில் குளிப்பார். மிஞ்சிப்போனால் புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஸ்கூபா டைவிங் கற்றுக்கொள்வார். இந்த மூன்றில் அவருக்குத் தினமும் உதவக்கூடியது ஒன்று. வாழ்நாள் முழுவதும் ஒருமுறைகூடத் தேவைப்படாதது இன்னொன்று. எது எது என்று தெரிந்துகொண்டால் பணம் சரியான இடத்தில் போகும்.

நம்பிக்கை 1: ஹீலியம் வால்வு இருந்தால் வாட்ச் அதிக ஆழம் தாங்கும்

உண்மை: ஆழத்துக்கும் இந்த வால்வுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அது வேலை செய்வது தண்ணீருக்குள் அல்ல. தண்ணீருக்கு வெளியே, உலர்ந்த ஓர் இரும்பு அறைக்குள்.

கடலடியில் எண்ணெய்க் குழாய் பழுதுபார்ப்பது போன்ற வேலைகள் பல நாள் நீடிக்கும். தினமும் 100 மீட்டர் இறங்கி ஏறினால் ஒவ்வொரு முறையும் உடலில் கரைந்த வாயுவை வெளியேற்ற நெடுநேரம் காத்திருக்க வேண்டும். அதைத் தவிர்க்க வந்த முறைதான் சாச்சுரேஷன் டைவிங். டைவர்கள் கப்பலின் மேல் உள்ள ஓர் அழுத்த அறையில் வாரக்கணக்கில் வசிப்பார்கள். கடலடியில் உள்ள அதே அழுத்தம் அந்த அறையிலும் இருக்கும். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். அழுத்தம் குறையாத ஒரு கூண்டில் ஏறி வேலைக்கு இறங்கி, அதிலேயே திரும்புவார்கள். அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து அவர்களை வெளியே விடுவது வேலை முழுவதும் முடிந்த பிறகு, ஒரே ஒரு முறை. 100 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்திலிருந்து இப்படித் திரும்ப நான்கைந்து நாள் ஆகும்.

அந்த அறையில் நிறைந்திருப்பது பெரும்பாலும் ஹீலியம். அவ்வளவு அழுத்தத்தில் நைட்ரஜன் மயக்கத்தைத் தரும் என்பதால் அதற்குப் பதிலாக இதை நிரப்புகிறார்கள். ஹீலியம் மிகச் சிறிய அணு. தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் வளையத்தின் ஊடாகக்கூட அது நாள்கணக்கில் கசிந்து வாட்சுக்குள் புகுந்துவிடும். உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாக இருக்கும்வரை இதனால் எந்தத் தீங்கும் இல்லை. அறையின் அழுத்தத்தைக் குறைக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. உள்ளே போன ஹீலியம் அதே வேகத்தில் வெளியேற முடியாமல் மாட்டிக்கொள்ளும்.

அதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். வாட்ச் கண்ணாடியின் விட்டம் 30 மில்லிமீட்டர் என்றால் பரப்பு ஏறத்தாழ 7 சதுர சென்டிமீட்டர். உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியே இருப்பதைவிட 3 பார் அதிகம் என்று கொள்வோம். அப்போது கண்ணாடியை உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை சுமார் 21 கிலோ எடைக்குச் சமம். டைவ் வாட்சின் கண்ணாடி, வெளியிலிருந்து வரும் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கவே பொருத்தப்பட்டிருக்கும். கடல் அழுத்த அழுத்த, அது தன் இருக்கையில் இன்னும் இறுக்கமாக உட்காரும். உள்ளிருந்து தள்ளினால் அதைப் பிடித்துவைக்க ரப்பர் வளையத்தின் பிடிமானம் மட்டுமே மிஞ்சும். அதனால் கண்ணாடி பிய்த்துக்கொண்டு தெறிக்கும்.

1964இல் பெர்முடா அருகேயும், 1965இல் கலிஃபோர்னியாவின் லா ஹோயா கரையருகேயும் அமெரிக்கக் கடற்படை ‘சீலேப்’ என்ற கடலடி வீடுகளை அமைத்துச் சோதனை செய்தது. அவற்றில் பங்கேற்ற பாப் பார்த் போன்ற டைவர்களின் அனுபவத்திலிருந்துதான் இந்தச் சிக்கல் வாட்ச் நிறுவனங்களுக்கு எட்டியது. 1960களின் இறுதியில் ரோலெக்ஸும் டோக்ஸாவும் இதற்குத் தீர்வு கண்டன. உறையின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை, அதில் ஸ்பிரிங் வைத்த அடைப்பு. உள்ளே அழுத்தம் மிகும்போது அது தானாகத் திறந்து வாயுவை வெளியே விடும். ஹீலியம் வால்வு என்பது இவ்வளவுதான். கண்ணாடி தெறிக்காமல் காப்பது அதன் ஒரே வேலை. அது வாட்சை ஆழத்துக்கு வலுவாக்குவதில்லை.

வால்வு இல்லாமலும் இதே சிக்கலைத் தீர்க்க முடியும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. சாச்சுரேஷன் டைவர்களுக்காகவே 1975இல் வந்த சீக்கோவின் 600 மீட்டர் டைட்டானியம் வாட்சில் ஹீலியம் வால்வு கிடையாது. ஹீலியம் உள்ளே நுழைவதையே தடுக்கும்படி அதன் உறையையும் ரப்பர் வளையத்தையும் சீக்கோ வடிவமைத்தது. 1970இல் வந்த ஒமேகாவின் புளோப்ரோஃப் வாட்சும் அதே வழியில், பின்மூடியே இல்லாத ஒற்றைத் துண்டு உறையுடன் உருவானது.

நம்பிக்கை 2: ஸ்கூபா டைவிங் போகிறவருக்காவது ஹீலியம் வால்வு தேவை

உண்மை: ஸ்கூபா டைவருக்கும் தேவையில்லை. மிக ஆழமாகப் போகிறவருக்கும், ஹீலியம் கலந்த வாயுவைச் சுவாசித்தே இறங்குகிறவருக்கும்கூடத் தேவையில்லை.

நமக்குப் பக்கத்திலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக் கடலில் ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். ஆகவே ஹெர்மிஸைப் பார்க்கப் போகிறவருக்குக் கூடுதல் பயிற்சி வேண்டும். மயக்கம் வராமல் இருக்க, ஆக்சிஜன், நைட்ரஜன், ஹீலியம் மூன்றும் கலந்த டிரைமிக்ஸ் வாயுவை அவர் சிலிண்டரில் நிரப்பிச் செல்லலாம்.

இப்போது அவர் மணிக்கட்டைப் பார்ப்போம். அவர் சுவாசிக்கும் ஹீலியம் நுரையீரலுக்குப் போய்க் குமிழியாக வெளியேறி மேலே போய்விடுகிறது. வாட்சைச் சுற்றியிருப்பது கடல்நீர். ஹீலியம் வாட்சுக்குள் புக வேண்டுமானால் வாட்ச் ஹீலியம் நிறைந்த காற்றில் பல மணிநேரமோ பல நாளோ இருக்க வேண்டும். அது அழுத்த அறையில் வசிப்பவருக்கு மட்டுமே நேர்வது. அந்த அறையில் இருப்பவருக்கும் எளிய வழி ஒன்று உண்டு: அழுத்தம் குறையத் தொடங்கியதும் வாட்சின் கிரவுனைத் திருகித் தளர்த்திவிட்டால் ஹீலியம் அந்த வழியாகவே வெளியேறிவிடும். சுற்றிலும் தண்ணீர் இல்லாததால் அதில் ஆபத்தும் இல்லை.

டைவ் வாட்சுகளுக்கான உலகத் தர அளவுகோல் ஐ.எஸ்.ஓ. 6425. டைவ் வாட்ச் என்று பெயர் பெற, கடந்த நேரத்தை அளக்கும் ஓர் அமைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று அது விதிக்கிறது. ஊசி வாட்சில் அந்த அமைப்புதான் பெசல். ஹீலியம் வால்வை அது கட்டாயமாக்கவில்லை. ரோலெக்ஸின் சப்மரினர் 300 மீட்டர் தாங்கும். அதில் வால்வு இல்லை. அதே நிறுவனம் தொழில்முறை டைவர்களை எண்ணிச் செய்த சீ-டுவெல்லரில் வால்வு இருக்கிறது. தயாரிப்பாளர்களே இந்த எல்லையைத் தெளிவாக வைத்திருக்கிறார்கள்.

தேவையில்லாத வால்வால் ஒரு சிறு சுமையும் உண்டு. உறையில் ஒரு துளை கூடினால், அதை மூட இன்னொரு ரப்பர் வளையம் வேண்டும். அந்த வளையமும் காலப்போக்கில் இறுகும். சர்வீஸின்போது அதையும் மாற்ற வேண்டும். சில மாடல்களில் வால்வு தானாகத் திறக்காது. கிரவுனைப் போலக் கையால் திருகித் திறக்க வேண்டும். அப்படிப்பட்ட வாட்ச் உங்களிடம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். இறுக மூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 3: பெசல் அழகுக்கு, இரண்டு பக்கமும் சுற்றினால் இன்னும் வசதி

உண்மை: டைவ் வாட்சின் உயிரே பெசல்தான். அது ஒரு பக்கம் மட்டும் சுற்றுவதற்குப் பின்னால் உயிர் காக்கும் கணக்கு இருக்கிறது.

அதைப் பயன்படுத்துவது எளிது. பெசலில் 60 நிமிடங்கள் குறிக்கப்பட்டிருக்கும். தொடக்கப் புள்ளியில் ஒரு முக்கோணமும் இருட்டில் ஒளிரும் ஒரு பொட்டும் இருக்கும். வேலையைத் தொடங்கும்போது அந்த முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேரே கொண்டுவர வேண்டும். பிறகு நிமிட முள் பெசலில் எந்த எண்ணைக் காட்டுகிறதோ, அத்தனை நிமிடம் கடந்திருக்கிறது. எத்தனை மணிக்குத் தொடங்கினோம் என்று நினைவு வைத்துக் கழித்துப் பார்க்க வேண்டியதில்லை.

ஒருவர் 10 மணி 12 நிமிடத்துக்கு 30 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தபடி அந்த ஆழத்தில் தங்க, பொழுதுபோக்கு டைவர்கள் பயன்படுத்தும் அட்டவணை தரும் அளவு 20 நிமிடம். முக்கோணத்தை 12ஆம் நிமிடத்துக்கு நேரே வைத்துவிட்டு அவர் இறங்கினார். வழியில் பெசல் ஒரு பாறையில் உரசி 5 நிமிட அளவு நகர்ந்துவிட்டது, அவர் கவனிக்கவில்லை.

பெசல் கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் நகர்ந்திருந்தால் முக்கோணம் 7ஆம் நிமிடத்துக்குப் போயிருக்கும். உண்மையில் 15 நிமிடம் ஆனபோதே பெசல் 20 என்று காட்டும். அவர் 5 நிமிடம் முன்னதாக மேலேறுவார். இழப்பு ஐந்து நிமிட வேடிக்கை மட்டுமே. கடிகாரச் சுற்றுத் திசையில் நகர்ந்திருந்தால் முக்கோணம் 17ஆம் நிமிடத்தில் இருக்கும். 25 நிமிடம் ஆன பிறகுதான் பெசல் 20 என்று காட்டும். அதற்குள் உடலில் அளவுக்கு மீறி நைட்ரஜன் கரைந்திருக்கும். நிறுத்தம் ஏதுமின்றி மேலேறினால் அது குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். ஆகவேதான் பெசல் எதிர்த்திசையில் மட்டும் சுற்றும்படி செய்யப்பட்டது. தவறு நேர்ந்தாலும் அது ஆழத்தில் தங்கும் நேரத்தைக் குறைக்கும் பக்கமாகவே நேர வேண்டும் என்பது இதன் எண்ணம்.

இந்த எண்ணம் டைவர்களிடமிருந்தே வந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் முக்குளிப்புப் படையை உருவாக்கிய ராபர்ட் மலூபியேயும் குளோட் ரிஃபோவும் 1950களின் தொடக்கத்தில் தங்கள் வீரர்களுக்கு ஏற்ற வாட்சைத் தேடினார்கள். பிளாங்பேன் நிறுவனத்தை நடத்திய ஜான்-ஜாக் ஃபீஷ்டரும் டைவர். 1953இல் அவர்களின் தேவைக்குப் பொருந்திவந்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வாட்சில், பெசல் தற்செயலாக நகராதபடி பூட்டும் அமைப்பு இருந்தது.

இன்றைய டைவர்கள் ஆழத்தையும் நேரத்தையும் டைவ் கம்ப்யூட்டரில் பார்க்கிறார்கள். பெசல் அவர்களுக்கு மாற்று ஏற்பாடு. ஆனால் கடலுக்கே போகாதவருக்கு அது தினமும் உதவும். இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றும்போது முக்கோணத்தைத் திருப்பிவைத்தால் போதும். ஒரு மணிநேரப் பார்க்கிங் சீட்டு, டியூஷன் தேர்வு, பேருந்து நிற்கும் 15 நிமிடம் எல்லாவற்றுக்கும் ஒரு திருப்பு. போனை எடுத்துத் திறக்க வேண்டியதில்லை. ஒரு வரம்பு மட்டும் உண்டு. 60 நிமிடத்துக்கு மேல் போனால், எத்தனை மணி கடந்தது என்பதை நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

நல்ல பெசலைக் கடையிலேயே அறியலாம். 12 மணிக்கு நேரே வைக்கும்போது முக்கோணம் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கடிகாரச் சுற்றுத் திசையில் திருப்பிப் பாருங்கள். அசைய இடம் தரக் கூடாது. ஈர விரலாலும் பிடிமானம் கிடைக்க வேண்டும். சட்டைக் கையில் உரசினாலே சுற்றுகிற பெசல் எதற்கும் உதவாது.

நம்பிக்கை 4: 30 மீட்டர் வாட்சோடு நீந்தினால், கையை வீசும் வேகத்திலேயே அழுத்தம் பல மடங்காகிவிடும்

உண்மை: கையை வீசுவதால் கூடும் அழுத்தம் மிகச் சிறியது. வாட்சுக்குள் தண்ணீர் போவதற்குக் காரணம் வேறு.

தண்ணீரில் 10 மீட்டர் இறங்கினால் 1 பார் அழுத்தம் கூடும். ஓடும் நீரின் அழுத்தத்தை அளக்கும் இயற்பியல் விதியின்படி, கை வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீரை வெட்டிச் சென்றால் கூடும் அழுத்தம் 0.02 பார், அதாவது 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சமம். வினாடிக்கு 5 மீட்டர் என்ற கடும் வேகத்திலும் அது ஒன்றேகால் மீட்டர் ஆழத்துக்குச் சமம்தான். 30 மீட்டர் அழுத்தத்தை உண்மையிலேயே தாங்கும் வாட்சை இது ஒன்றும் செய்யாது.

பிறகு ஏன் நீச்சல்குளத்தில் இறங்கிய வாட்சின் கண்ணாடிக்குள் பனி படர்கிறது? முதல் காரணம் சோதனை முறை. சாதாரண நீர்காப்பு வாட்சுகளில் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. சில மாதிரிகளைச் சோதித்தால் போதும். ஐ.எஸ்.ஓ. 6425 டைவ் வாட்சில் ஒவ்வொன்றும் தனித்தனியே, முகப்பில் எழுதிய ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்கப்படும். 200 மீட்டர் என்றால் 25 பார். அதில் தேறியவற்றின் முகப்பில் ஆழத்தோடு ‘டைவர்ஸ்’ என்ற சொல்லும் இருக்கும். வெறும் எண்ணைவிட அந்தச் சொல்லுக்கு எடை அதிகம்.

இரண்டாவது காரணம் காலம். கண்ணாடி, பின்மூடி, கிரவுன் ஆகிய மூன்று இடங்களிலும் தண்ணீரைத் தடுப்பவை ரப்பர் வளையங்கள்தாம். வெயில், வியர்வை, சோப்பு, வெந்நீர் எல்லாம் சேர்ந்து அவற்றை இறுக்கி வறட்டிவிடும். எழுதியிருக்கும் ஆழம் புது வாட்சுக்கானது. ஐந்தாறு ஆண்டு கவனிக்காமல் விட்ட வாட்சுக்கு அது பொருந்தாது.

மூன்றாவது, நம் ஊரில் மிக அதிகமாக நடப்பது, பேட்டரி மாற்றம். பின்மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றி அழுத்தி மூடும்போது வளையம் மடங்கினாலோ, அதன்மேல் தூசியோ மயிரோ ஒட்டினாலோ 200 மீட்டர் வாட்ச் கைகழுவும் தண்ணீருக்கும் தாங்காது. மூடிய பிறகு அழுத்தக் கருவியில் வைத்துச் சோதித்தால்தான் பழைய நிலை உறுதியாகும். அந்தக் கருவி உள்ள இடத்தில் மட்டுமே டைவ் வாட்சின் பேட்டரியை மாற்றுங்கள்.

நான்காவது, கிரவுன். டைவ் வாட்சின் கிரவுன் பெரும்பாலும் மரை போட்டுத் திருகி மூடும் வகை. நேரம் மாற்றிவிட்டுத் திருகி மூடாமல் இறங்கினால் 300 மீட்டர் வாட்சும் அரை மீட்டர் தண்ணீரில் நனைந்துவிடும். கண்ணாடியின் உட்புறம் பனி படர்ந்து ஓரிரு மணியில் மறையாவிட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். வெயிலில் காயவைத்துக் காத்திருக்காமல் உடனே திறந்து உலர்த்தக் கொடுங்கள். உப்புநீர் புகுந்திருந்தால் ஓரிரண்டு நாளிலேயே துரு பிடிக்கத் தொடங்கும்.

அப்படியானால் எதை வாங்குவது?

300 மீட்டர் என்ற எண்ணை அதன் அளவில் வைத்துப் பாருங்கள். 2014இல் எகிப்தின் அகமது கப்ர் செங்கடலில் ஸ்கூபா கருவியோடு இறங்கிய சாதனை ஆழமே 332.35 மீட்டர். பயிற்சி பெற்ற பொழுதுபோக்கு டைவருக்கு எல்லை 40 மீட்டர். நீச்சலுக்கும் கடல்குளியலுக்கும் திருகி மூடும் கிரவுனோடு 100 மீட்டர் தாங்கும் வாட்ச் போதும். ஸ்கூபா கற்கிறவர் முகப்பில் ‘டைவர்ஸ்’ என்று எழுதிய 200 மீட்டர் வாட்சை வாங்கட்டும். அதற்கு மேல் தேவையில்லை.

பெசலுக்குப் பணம் கொடுங்கள். அது ஒவ்வொரு நாளும் உழைக்கும். ஒரு மாடலின் வடிவம் பிடித்து வாங்கும்போது ஹீலியம் வால்வும் சேர்ந்து வந்தால் வரட்டும். அதற்காக மட்டும் விலை ஏறுகிறது என்றால் வால்வு இல்லாத மாடலைக் கேட்டு வாங்குங்கள். மிச்சமாகும் பணத்தில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ரப்பர் வளையங்களை மாற்றி, அழுத்தச் சோதனை செய்து வாருங்கள். கடலில் இறங்கி வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, பெசலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி உப்பையும் மணலையும் வெளியேற்றுங்கள். உங்கள் வாட்சைத் தண்ணீரிலிருந்து காப்பது இந்தப் பராமரிப்புதான்.